சர்க்கரை நோய் முதல் வகையா, இரண்டாம் வகையா: நான் செய்துகொண்ட இரண்டு ரத்தச் சோதனைகள்

39 வயதில் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தபோது, வயதை வைத்தே அது இரண்டாம் வகை என்று முடிவாகி, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் தொடங்கப்பட்டன. முதலில் சர்க்கரை இறங்கியது. பிறகு மாத்திரையைக் கூட்டக் கூட்ட மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ஏறிக்கொண்டே போய் 10.6 சதவீதத்தைத் தொட்டது. எடையும் குறைந்துகொண்டே வந்தது. அப்போது பார்த்த நீரிழிவு மருத்துவர், நான் ஒல்லியான உடல்வாகு கொண்டவன் என்பதையும், என் அம்மாவுக்கு நோய் எதிர்ப்பு மண்டலத்தால் வந்த தைராய்டு கோளாறு உண்டு என்பதையும் கேட்டறிந்த பிறகு, காட் ஆன்டிபாடி, சி-பெப்டைடு என்ற இரண்டு சோதனைகளை எழுதினார். எங்கள் பக்கத்தில் ஒல்லியானவர்களுக்குக் கணையத்தில் கல் உண்டாகி வரும் சர்க்கரை நோயும் இருப்பதால், வயிற்று ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். அதில் கல் எதுவும் இல்லை.

காட் என்பது, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் உள்ள ஒரு நொதி. உடலின் எதிர்ப்பு மண்டலம் அந்தச் செல்களைத் தாக்கத் தொடங்கும்போது, இந்த நொதிக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் தென்படுகிறது. பெரியவர்களுக்கு வரும் முதல் வகையில் அதிகம் காணப்படுவது இதுதான் என்பதால் முதலில் இதைப் பார்ப்பார்கள்; இது இல்லையென்றால்தான் ஐஏ-2, துத்தநாகக் கடத்தி-8 ஆகியவற்றுக்கான ஆன்டிபாடிகளைத் தேடுவார்கள். சர்க்கரை நோயாளிகள் எல்லாருக்கும் இதை ஏன் செய்வதில்லை என்று கேட்டேன். நோயில்லாதவர்களிலும் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு 'உண்டு' என்று வரக்கூடிய சோதனை இது. சந்தேகமே இல்லாத இடத்தில் செய்தால், எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டிய ஓர் எண்ணை வைத்துக்கொண்டு இரண்டாம் வகைக்காரர் ஒருவரைத் தவறாக முதல் வகையில் சேர்த்துவிட நேரும் என்றார். எனக்கு வந்த முடிவு எல்லைக்கோட்டு எண் அல்ல. 10க்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில் 180 இருந்தது.

சி-பெப்டைடுதான் சற்றுக் குழப்பியது. கணையம் இன்சுலினைத் தயாரிக்கும்போது ஒவ்வோர் இன்சுலின் மூலக்கூறுக்கும் ஒரு சி-பெப்டைடு பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது. ஊசியில் போடும் இன்சுலினில் இது கிடையாது என்பதால், ஊசி போட்டுக்கொள்பவருக்கும் சொந்தச் சுரப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை இதைக்கொண்டு அளக்கலாம். என் முதல் மாதிரி வெறும் வயிற்றில் எடுக்கப்பட்டது. சி-பெப்டைடு மில்லி லிட்டருக்கு 0.7 நானோகிராம், அதே நேரத்துச் சர்க்கரை 288. கணையம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன். மருத்துவரோ அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய மறுத்தார். வாரக்கணக்கில் சர்க்கரை உயர்ந்தே இருந்தால் அந்த உயர்வே பீட்டா செல்களை மந்தமாக்கிவிடும். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் சுரப்பு ஓரளவு மீளும் என்பது அவர் விளக்கம். ஆன்டிபாடி தெளிவாக வந்துவிட்டதால் இன்சுலினை மட்டும் தாமதிக்காமல் தொடங்கினார்.

சர்க்கரை இறங்கிச் சில வாரங்கள் நிலையாக இருந்த பிறகு, வழக்கமான சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி மாதிரி கொடுத்தேன். கூடவே சர்க்கரையும் கிரியாட்டினினும் பார்க்கப்பட்டன. சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தால் சுரப்பும் தாழ்ந்து காட்டும், சிறுநீரகம் சரியாக இயங்காவிட்டால் சி-பெப்டைடு வெளியேறாமல் தேங்கிக் கூடுதலாகக் காட்டும். இம்முறை சி-பெப்டைடு 1.3, சர்க்கரை 164. ஆய்வகத் தாளில் அச்சிட்டிருந்த இயல்பு வரம்பு 1.1 முதல் 4.4 வரை என்பதால், முதல் தாளில் இருந்த நட்சத்திரக் குறி இதில் இல்லை. அந்த வரம்பு வெறும் வயிற்றில் மாதிரி கொடுக்கும் ஆரோக்கியமானவர்களுக்கு உரியது. சாப்பிட்ட பின், அதுவும் சர்க்கரை 164 இருக்கும்போது, நல்ல கணையம் இதைப்போலப் பல மடங்கு சுரந்திருக்கும். இதைத் தாளில் யாரும் குறிப்பிடுவதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

நோய் தொடங்கி மூன்று ஆண்டுகளைக் கடந்தவர்களுக்கு, உணவுக்குப் பின் எடுத்த அளவு 0.6க்குக் கீழே இருந்தால் முதல் வகைக்கும், 1.8க்கு மேல் இருந்தால் இரண்டாம் வகைக்கும் சாதகமாகக் கொள்கிறார்கள். நான் இடைப்பட்ட இடத்தில், அதுவும் மூன்று ஆண்டு ஆவதற்கு முன்பே நின்றேன். சி-பெப்டைடை மட்டும் பார்த்திருந்தால் என்னை எந்தப் பக்கமும் சேர்த்திருக்க முடியாது. பெரியவர்களுக்கு வரும் முதல் வகையில் சுரப்பு பெரும்பாலும் மெதுவாகவே வற்றுவதால், தொடக்க ஆண்டுகளில் இப்படிப்பட்ட எண் வருவது வழக்கம்தானாம். என் விஷயத்தில் வகையைத் தீர்மானித்தது ஆன்டிபாடி. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொன்னது சி-பெப்டைடு. ஆன்டிபாடி ஒன்றும் தென்படாத முதல் வகைக்காரர்களும் இருப்பதால், அவர்களுக்குச் சி-பெப்டைடு சோதனையை ஆண்டுகள் கழித்துத் திரும்பச் செய்வதுதான் வழி.

கிளிமிபிரைடு நிறுத்தப்பட்டது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் எனக்கு வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதப்பட்டது. இன்சுலின் குறைவாக உள்ளவருக்கு அவை, சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரச் செய்யக்கூடும். காட் ஆன்டிபாடி உள்ளவர்களுக்குத் தைராய்டும் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பதால் டிஎஸ்எச் சோதனையும் எழுதப்பட்டது. அது இப்போதைக்கு இயல்பாக இருக்கிறது.