விரல் தவறிய பள்ளம்: கழுத்தின் முன்பக்கம் சுவாசவழி திறந்த அனுபவம்

அவசர வயிற்று அறுவைக்கு வந்த அந்தப் பெண்ணின் கழுத்து குட்டையாகவும் கொழுப்பு நிறைந்தும் இருந்தது. மயக்கமருந்தும் தசைத்தளர்வு மருந்தும் கொடுத்த பிறகு, வீடியோ லாரிங்கோஸ்கோப்பால் மூன்று முறை முயன்றும் சுவாசக் குழாய் இறங்கவில்லை. குரல்வளையின் மேல் அமர வேண்டிய லாரிஞ்சியல் மாஸ்க்கும் பொருந்தவில்லை. இருவர் சேர்ந்து முகமூடியால் காற்றைச் செலுத்தியும் மார்பு உயரவில்லை, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபில் அலையும் இல்லை.

கழுத்தைத் திறக்க இதுவே போதிய காரணம். ஆனாலும் ரத்த ஆக்சிஜன் அளவு 80 சதவீதத்துக்குக் கீழே போகும்வரை “இன்னும் ஒரு முறை பார்த்துவிடலாம்” என்று நேரத்தைக் கடத்தினோம். அது இன்றும் உறுத்துகிறது. எண் எவ்வளவு விழுகிறது என்று பார்த்துக் காத்திருக்காமல், குழாய், மாஸ்க், முகமூடி மூன்றும் தோற்றதுமே “குழாயும் போகவில்லை, ஆக்சிஜனும் போகவில்லை, கழுத்தைத் திறக்கிறேன்” என்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

கழுத்தை நன்கு நீட்டிவைத்து மேலிருந்து கீழாகத் தடவினேன். ஒரு பள்ளம் அகப்பட்டது, பிளேடை எடுத்தேன். “கீழிருந்து வந்து பாருங்கள்” என்றார் மூத்த மருத்துவர். மார்பெலும்பின் மேல்குழியிலிருந்து விரலை உயர்த்தியபோதுதான், நான் தொட்டது ஹையாய்டு எலும்புக்கும் தைராய்டு குருத்தெலும்புக்கும் இடைப்பட்ட பள்ளம் என்று புரிந்தது. அங்கே குத்தியிருந்தால் குரல்நாண்களுக்கும் மேலே போயிருப்பேன். பெண்களில் தைராய்டு குருத்தெலும்பு ஆண்களைப் போலத் துருத்தி நிற்பதில்லை என்பதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. கீழிருந்து வரும்போது முதலில் தடிமனாகத் தட்டுப்படும் வளையம் கிரிகாய்டு. அதற்கு உடனே மேலே உள்ள சிறு பள்ளமே நாம் திறக்க வேண்டிய கிரிகோதைராய்டு சவ்வு.

கொழுப்புக்கு அடியில் அந்த வளையமும் தெளிவாக அகப்படாததால், நடுக்கோட்டில் சுமார் 8 சென்டிமீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாகத் தோலைக் கீறி, இரு கை விரல்களாலும் திசுவை விலக்கினேன். ரத்தம் வந்துகொண்டே இருந்ததால் கண்ணால் எதையும் காண முடியவில்லை; விரல்தான் வழிகாட்டியது. இடது கையால் குரல்வளையை அசையாமல் பிடித்து, 10-ஆம் எண் பிளேடால் சவ்வில் குறுக்காகக் குத்தி, பிளேடை வெளியே எடுக்காமலேயே அதன் கூர்பக்கம் பாதத்தை நோக்கும்படி திருப்பி, அதை ஒட்டியே, குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய குச்சியான பூஜியை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தினேன்.

இத்தனைக்கும் பிறகு தட்டில் இருந்தது 7 அளவுக் குழாய்! அது சவ்வில் முட்டி நின்றுவிட்டது. காற்று நிரப்பும் சிறு பையான கஃப் உள்ள 6 அளவுக் குழாயை ஒருவர் ஓடிப்போய் எடுத்துவரும்வரை பூஜியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு வழவழப்பு ஜெல்லி தடவி, சற்றே சுழற்றி இறக்கி, கஃப் மறைந்ததும் நிறுத்தினேன், ஏனெனில் அதற்கு மேல் தள்ளினால் குழாய் ஒரு பக்க நுரையீரலுக்குள் போய்விடும். கேப்னோகிராஃபில் அலை எழுந்தது.

அந்தப் பெண் நலமாக வீடு திரும்பினார். இப்போது கடினமான கழுத்தைக் கண்டால், மயக்கம் கொடுப்பதற்கு முன்பே கீழிருந்து தடவிப் பார்த்து, ஐயமிருந்தால் அல்ட்ராசவுண்டால் உறுதிசெய்து, சவ்வின் இடத்தைப் பேனாவால் குறித்துவிடுகிறேன். தட்டில் 6 அளவுக் குழாய் இருக்கிறதா என்று என் கையாலேயே எடுத்துப் பார்க்கிறேன்.