ஒரு கோடு, இரண்டு மௌனம்: உரைப்பதிவின் அலைப்படத்தைப் படித்துப் பார்த்த அனுபவம்

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சிலப்பதிகாரம் பற்றி 52 நிமிடம் பேசினார். வட்டத்தின் செயலாளர் அண்ணன்தான் அதைப் பதிவு செய்தவர். மிக்ஸரிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கைரெக்கார்டரில் செருகியிருந்தார். இரண்டு நாள் கழித்து ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார். "தம்பி, முன்னாடி பூரா ஒரே செகப்பாக் கெடக்கு, போச்சா?" என்று கேட்டிருந்தார். பழைய பதிவுகளைச் சுத்தம் செய்வது எனக்குப் பல வருடப் பழக்கம். ஆனால் ஒலியைக் கேட்காமல் படத்தை மட்டும் வைத்து எவ்வளவு சொல்ல முடியும் என்று முயன்று பார்த்தது இதுதான் முதல் தடவை.

படத்தை டாக்குமெண்டாக மறுபடி அனுப்பச் சொன்னேன். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸாப் அதைச் சுருக்கிவிடும், மெல்லிய கோடுகள் குழம்பிப் போகும். இந்த வேலையில் ஒரு பிக்ஸல் கோட்டுக்கும் மதிப்பு உண்டு.

முதலில் சிவப்பைப் பார்த்தேன். View மெனுவில் Show Clipping in Waveform போட்டிருந்தால், ஒலி உச்ச அளவான 1.0-ஐ முட்டிய இடங்களில் சிவப்புக் கோடு விழும். அதற்கு மேல் பதிய முடியாமல் அலையின் தலை வெட்டுப்படுவதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். முதல் ஆறு நிமிடமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அலைப்படம் சுமார் 1300 பிக்ஸல் அகலம், பதிவு 3120 விநாடி. அப்படியென்றால் ஒரு பிக்ஸலுக்குள் 2.4 விநாடிப் பேச்சு அடங்கியிருக்கிறது. அந்த 2.4 விநாடியில் ஒரே ஒரு இடம் முட்டியிருந்தாலும் அந்தப் பிக்ஸல் கோடு முழுக்கச் சிவப்பாகும். அதனால் முழு நீளப் படத்தில் தெரிகிற சிவப்பு, சேதத்தின் அளவைச் சொல்வதில்லை, சேதம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அந்தப் பகுதியைப் பெரிதாக்கி இன்னொரு படம் கேட்டேன். அலையின் தலை தட்டையான இடங்களில் மூன்று நான்கு புள்ளிகள்தான் ஒரே மட்டத்தில் நின்றன. நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து புள்ளி வைக்கிற பதிவில் அது ஒன்றுமே இல்லை. வெட்டுப்பட்ட தலைகளை ஊகித்து நிரப்பும் Clip Fix போட்டால் போதும், சரியாகிவிடும் என்று பதில் அனுப்பினேன்.

ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு சிவப்பே இல்லை. ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து அங்கேதான் பதிவு அளவைக் குறைத்திருக்கிறார். அதோடு நிம்மதியாகியிருந்தால் பெரிய கோளாறு என் கண்ணில் பட்டிருக்காது. 31-ஆம் நிமிடத்திலிருந்து அலையின் உச்சிகள் எல்லாம் 0.7-க்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன, அறுவாளால் ஒரே மட்டத்துக்குக் கழித்துவிட்ட வேலி மாதிரி. மனிதப் பேச்சு அப்படி நிற்காது. 'கண்ணகி' என்று அழுத்திச் சொன்னால் ஒரு உச்சி எழும்பும், அடுத்த சொல் தாழும். உச்சிகள் மேடும் பள்ளமுமாக இருப்பதுதான் இயல்பு.

பெரிதாக்கிய படத்தில் காரணம் தெரிந்தது. ஒவ்வொரு உச்சியிலும் முப்பது நாற்பது புள்ளிகள் தட்டையாக ஓடின. ஆசிரியர் மதுரை எரிந்த கட்டத்துக்கு வந்து, மைக்கை நெருங்கிக் குரலை உயர்த்தியிருக்கிறார். மிக்ஸரில் மைக்கின் ஒலியைப் பெருக்கும் கெயின் அதிகம் வைத்திருந்ததால் ஒலி அங்கேயே வெட்டுப்பட்டுவிட்டது. வெட்டுப்பட்ட ஒலியை ரெக்கார்டர் குறைந்த அளவில் வாங்கிக்கொண்டது. ஆடாசிட்டிக்கு 1.0-ஐத் தொட்டால்தான் கிளிப்பிங், 0.7-இல் வெட்டுப்பட்டது அதன் கணக்கில் வராது. சிவப்பு இல்லாத இந்த இடம்தான் முழுப் பதிவிலும் மோசமான இடம்.

மூன்றாவதாகப் பின்னணி இரைச்சல். இதில்தான் தவறு செய்தேன். அதற்குள் கோப்பு என்னிடம் வந்துவிட்டது. இரைச்சலைக் குறைக்கும் Noise Reduction-க்கு, பேச்சில்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து இரைச்சலின் மாதிரியைக் காட்ட வேண்டும். 17 நிமிடம் 40 விநாடியில் தொடங்கி நாற்பது விநாடி நீளத்துக்கு அலை ஒரே கோடாகப் படுத்திருந்தது. படத்தில் அதைவிட அமைதியான இடம் இல்லை என்று அதையே மாதிரியாகக் கொடுத்தேன். பிறகு முழுப் பதிவுக்கும் போட்டுக் கேட்டேன். ஃபேன் சத்தம் அப்படியே இருந்தது. அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன், இம்மிகூட மாறவில்லை.

காரணம் பிறகுதான் உறைத்தது. சாதாரண அளவுகோலில் 1.0 வரை உள்ள பாதி உயரத்துக்கு என் திரையில் சுமார் 75 பிக்ஸல். அறையின் இரைச்சல் 0.008 அளவு என்றால் அது ஒரு பிக்ஸல்கூட வராது. ஒலியே இல்லாத இடமும் ஃபேன் ஓடுகிற இடமும் இந்தப் படத்தில் ஒரே கோடுதான். அளவுகோலை டெசிபலுக்கு மாற்றினேன். 0.008 என்பது அதில் சுமார் -42 டெசிபல். -60 வரை காட்டும் அளவுகோலில் அது இருபது பிக்ஸலுக்கு மேல் தடிமனான பட்டையாகத் தெரிந்தது. பேச்சின் இடைவெளிகள் எல்லாவற்றிலும் அந்தப் பட்டை இருந்தது. 17:40-இல் மட்டும் இல்லை. அங்கே வெறும் கோடு, இரண்டு முனையிலும் கத்தியால் நறுக்கியது போலச் செங்குத்தான விளிம்பு.

ஃபேன் ஓடுகிற அறையில் இயல்பாக எதுவும் பூஜ்யத்துக்கு வராது. மைக்கை அணைத்தாலும் மிக்ஸரின் மெல்லிய 'ஸ்ஸ்' மிஞ்சும். அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அந்த எடத்துல ஒரு கொழந்த அழுதுச்சு தம்பி. செலக்ட் பண்ணி கன்ட்ரோல் எல் அமுக்கிட்டேன்."

Silence Audio கட்டளைக்கு அதுதான் குறுக்குவிசை. அது ஒலியைக் குறைப்பதில்லை, எல்லாப் புள்ளியையும் பூஜ்யமாக்கிவிடும். மாதிரியில் இரைச்சலே இல்லாதபோது நிரலுக்கு நீக்குவதற்கு என்ன இருக்கும்?

சரியான மாதிரி ஆசிரியர் தண்ணீர் குடித்த இடத்தில் கிடைத்தது, மூன்று விநாடி. அதை 0.1 விநாடி தெரியும் அளவுக்கு விரித்துப் பார்த்தால் ஐந்து திமில்கள் சம இடைவெளியில் நின்றன. ஒவ்வொன்றும் 20 மில்லிவிநாடி, அதாவது 50 ஹெர்ட்ஸ். நம் ஊர் மின்சாரத்தின் உறுமல் அது. ஃபேனின் காற்றிரைச்சல் அந்தத் திமில்களின் மேல் முள்முள்ளாக ஒட்டியிருந்தது. ஆக, இரண்டு இரைச்சல். உறுமலுக்கு முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைக் குறைக்கும் High-Pass Filter போட்டேன். பட்டை கண்ணெதிரே மெலிந்தது. அதன் பிறகு மறுபடி மாதிரி எடுத்து, Noise Reduction அளவை 9 டெசிபலோடு நிறுத்திக்கொண்டேன். 18 வைத்துப் பார்த்தபோது ஆசிரியரின் 'ச'வும் 'ழ'வும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டன. கொஞ்சம் ஃபேன் சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும், அவர் சொல்லும் சொல் தெளிவாக விழுவதுதான் எனக்கு முக்கியம்.

ஒரு விஷயம் வரிசை பற்றி. Clip Fix-ஐ இவை எல்லாவற்றுக்கும் முன்பே போட்டுவிட வேண்டும். வடிகட்டி ஓடிய பிறகு தட்டைத் தலைகள் சாய்ந்துவிடும், வெட்டுப்பட்ட இடத்தை நிரலால் கண்டுபிடிக்க முடியாது. நான் அசல் கோப்பிலிருந்து புதிதாகத் தொடங்கினேன். முதல் ஆறு நிமிடம் நன்றாகத் தேறியது. 31-க்குப் பிறகான பகுதியைத் தனியாகத் தேர்ந்தெடுத்துப் போட்டேன். தேர்ந்தெடுத்த பகுதியின் உச்சத்தை வைத்துத்தான் அது வெட்டை அடையாளம் காணும் என்பதால் 0.7 மட்டம் அப்போதுதான் பிடிபடுகிறது. கரகரப்பு குறைந்தது, போகவில்லை. நாற்பது புள்ளிகளை ஊகித்து நிரப்புவது லேசல்ல, அங்கே என்ன இருந்தது என்ற தகவல் பதிவிலேயே இல்லை.

குழந்தை அழுத நாற்பது விநாடி இன்னும் பாக்கி. அந்த இடத்தில் ஆசிரியர் மாதவி பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாராம். ரெக்கார்டரின் கார்டை அண்ணன் இன்னும் அழிக்கவில்லை. சனிக்கிழமை போய் வாங்கி வர வேண்டும்.