காற்றில் எடுத்த அளவு

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் மாலை வேளைகளில் பையன்களுக்கு வாலிபால் சொல்லித்தருகிறேன். பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை 26 பேர். போன ஆண்டு ஜூன் மாதம், ஒவ்வொருவனும் எவ்வளவு தேறுகிறான் என்பதை ஓராண்டு முழுக்க எண்களில் எழுதிவைக்க முடிவு செய்தேன். அதுவரை "இவன் பரவாயில்லை, அவன் மந்தம்" என்று கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நான்.

முதல் வாரமே சறுக்கினேன். வெளிநாட்டு அட்டவணை ஒன்றை இறக்கி, அதிலிருந்த வயதுவாரி இலக்குகளை அப்படியே சுவரில் ஒட்டினேன். ஒருவனும் எட்டவில்லை. மூன்று பேர் மறுநாள் வரவே இல்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, எங்கள் பையன்களையே முதலில் அளந்து அதிலிருந்து இலக்கைக் கட்டினேன்.

அளந்தவை நான்கு. சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, சுவரில் போட்ட கோட்டுக்கு மேலே இரு முன்கைகளையும் சேர்த்துப் பந்தைத் தூக்கும் அண்டர்ஹேண்ட் பாஸை ஒரு நிமிடத்தில் எத்தனை அடிக்கிறான். பத்து சர்வீஸில் எத்தனை எதிர்ப்புறத்தின் பின்பாதியில் விழுகின்றன. வருகிற சர்வீஸை எடுத்து, அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டருக்கு எப்படிக் கொடுக்கிறான். எம்பிக் குதித்துச் சுவரில் எவ்வளவு உயரம் தொடுகிறான்.

பிறந்த ஆண்டை வைத்து மூன்று பிரிவாக்கினேன். 12–13 வயதுப் பிரிவில் ஒன்பது பேர். சுவர் பாஸில் அவர்கள் எடுத்தது: 11, 14, 17, 19, 22, 26, 29, 35, 48. சராசரி போட்டால் 24.6 வருகிறது. ஆனால் அதை மேலே இழுத்தது அந்த 48 மட்டும்தான். அவன் அந்தப் பிரிவிலேயே மூத்தவன், மீசை அரும்பிவிட்டது. அதனால் சராசரியை விட்டுவிட்டு, வரிசையில் நடுவில் நிற்கும் 22-ஐ அந்த வயதின் அளவாக வைத்தேன். கீழிருந்து மூன்றாவதான 17-க்குக் குறைந்தால் அவனோடு தனியாக உட்கார வேண்டும். மேலிருந்து மூன்றாவதான 29 ஆண்டுக் கடைசிக்கான இலக்கு. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு இதற்கு மேல் நுணுக்கம் பார்ப்பது வீண்.

சர்வீஸ் எடுப்பதற்கு மதிப்பெண் போடுவதில்தான் எனக்கும் உதவிக்கு வந்த பழைய ஆட்டக்காரர் ஒருவருக்கும் சண்டை வந்தது. செட்டர் நின்ற இடத்திலேயே பந்து வந்தால் 3, சில அடி நகர்ந்து எடுத்தால் 2, எப்படியோ தூக்கிவிட மட்டும் முடிந்தால் 1, புள்ளி போனால் 0. இது பலரும் பயன்படுத்துகிற முறைதான். ஆனால் ஒரே பையனின் பத்துப் பந்துகளுக்கு நாங்கள் இருவரும் தனித்தனியாக எழுதிப் பார்த்தபோது நான்கு பந்துகளில் எங்கள் எண்கள் ஒத்துப்போகவில்லை. அவர் 3 என்றதை நான் 2 என்றேன். "நகர்ந்தது ஒரு அடிதானே தம்பி" என்றார். அன்றே செட்டர் நிற்கும் இடத்தில் சுண்ணாம்பால் இரண்டு மீட்டர் சதுரம் போட்டோம். பந்து அதற்குள் இறங்கினால் 3. சர்வீஸ் போடுகிற ஆளையும் மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். நான் போட்டால் எனக்குப் பிடித்த பையனுக்குப் பந்து மெல்லப் போகிறது என்று அவர் சொன்னதில் உண்மை இருந்தது.

செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அளந்தோம். டிசம்பரில் எல்லாருடைய சர்வீஸும் ஏறியிருந்தது. மூன்று போட்டவன் ஆறு, ஐந்து போட்டவன் எட்டு. இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். புதிதாகச் சேர்ந்து, ஒழுங்காகப் பயிற்சிக்கே வராத ஒரு பையனுக்கும் எண் ஏறியிருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். மாலை ஐந்து மணிக்குப் போட்ட பந்து கோட்டைத் தாண்டி எங்கேயோ போகும். டிசம்பரில் அந்தக் காற்று கிடையாது. நான் அளந்தது பையன்களை அல்ல, பருவத்தை.

அதன் பிறகு சர்வீஸ் அளப்பதைக் காற்று அடங்கியிருக்கும் காலை ஆறரை மணிக்கு மாற்றினேன். பத்துப் பந்து போதாது என்பதும் தெரிந்தது. ஒரே பையன் செவ்வாய்க்கிழமை 4, வியாழக்கிழமை 7. இடையில் அவன் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. பத்துக்கு ஆறு போடக்கூடியவனுக்கு ஒரு நாள் நான்கும் ஒரு நாள் எட்டும் வருவது தாயக்கட்டை விழுகிற மாதிரிதான். இப்போது மூன்று காலைகளில் பத்துப் பத்தாக முப்பது போடவைக்கிறேன். முந்தைய அளவைவிட ஐந்தாறு கூடினால்தான் முன்னேற்றம் என்று எழுதுகிறேன். ஒன்றிரண்டு கூடினால் நோட்டில் ஏற்றுவேன். அவனிடம் சொல்ல மாட்டேன்.

இன்னொரு கதை, 26 பாஸ் அடித்த பதிமூன்று வயதுப் பையனுடையது. ஜூனில் அவன் குதித்துத் தொட்டது 233 செ.மீ., மார்ச்சில் 246. பதின்மூன்று செ.மீ. கூடியதைக் கேட்டு அவன் அப்பா கடைவீதியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நல்லவேளையாக, நின்றபடி கையை உயர்த்தினால் எவ்வளவு எட்டுகிறான் என்பதையும் எழுதிவைத்திருந்தேன். ஜூனில் 196, மார்ச்சில் 208. கழித்துப் பார்த்தால் குதித்தது அன்று 37, இன்று 38. கூடியது ஒரே ஒரு செ.மீ. அதுகூடக் கையில் தடவிய சுண்ணாம்பு சுவரில் இழுபட்டதாக இருக்கலாம். மற்றதெல்லாம் வளர்த்தி.

அதே பையனின் சுவர் பாஸ் இப்படிப் போனது: ஜூன் 26, செப்டம்பர் 28, டிசம்பர் 19, மார்ச் 31. டிசம்பரில் அவனைத் திட்டினேன். விளையாட்டில் மனம் இல்லை, கைப்பேசியே கதி என்று நானே முடிவுகட்டிவிட்டேன். மாதாமாதம் உயரம் எழுதும் பத்தியை அப்புறம்தான் புரட்டினேன். ஜூன் 152, செப்டம்பர் 154, டிசம்பர் 158. மூன்று மாதத்தில் நான்கு செ.மீ. நேற்று வரை தெரிந்த கையும் காலும் இன்று வேறு நீளம். பந்துக்குக் கீழே போய் உட்காரும் கணக்கு தப்பத்தானே செய்யும். ஜூனிலும் மார்ச்சிலும் மட்டும் அளந்திருந்தால் இந்தப் பள்ளம் கண்ணிலேயே பட்டிருக்காது. டிசம்பரோடு நிறுத்தியிருந்தால் அவனைக் கழித்துக் கட்டியிருப்பேன்.

முழங்கால் சில்லுக்குக் கொஞ்சம் கீழே அமுக்கினால் வலிக்கிறது என்று அவன் முன்பே இரண்டு முறை சொல்லியிருந்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு, வேகமாக வளரும் வயதில் குதிக்கிற பிள்ளைகளுக்கு வருவதுதான், குதிப்பதைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார். ஜனவரி முழுக்க அவனுக்குக் குதிக்கிற பயிற்சி இல்லை. பாஸும் சர்வீஸும் மட்டும்.

இந்த ஜூனில் நோட்டில் இரண்டு மாற்றங்கள். குதித்துத் தொட்ட உயரத்தைப் பையன்களிடம் சொல்வதில்லை. கழித்து வந்த எண்ணைத்தான் சொல்கிறேன். ஒரு மாதத்தில் ஒரு செ.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தவன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைக்கிறேன். புள்ளி இருக்கும் மாதங்களில் அவன் எண் இறங்கினால் திட்டுவதில்லை. முழங்கால் வலிக்கிறதா என்று கேட்கிறேன். இன்றைய தேதிக்கு ஐந்து பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருக்கிறது.