இரண்டு பட்டியலுக்கும் நடுவில் விழுந்த 158 பேர்

விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஓர் அலுவலகத்தில் அறிக்கைகள் எடுத்துத் தரும் வேலையில் நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இரண்டு சோதனைகள் உண்டு. அடையாளச் சான்று சரியா, முகவரிச் சான்று சரியா என்று பார்ப்பார்கள். இரண்டும் சரியாக இருந்தால் விண்ணப்பம் ஏற்கப்படும். இல்லாவிட்டால் என்ன குறை என்று விண்ணப்பித்தவருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். ஏற்கப்பட்டவர்கள் பட்டியல், கடிதம் போக வேண்டியவர்கள் பட்டியல் இரண்டையும் எடுப்பது என் பொறுப்பு.

சான்று சரி என்றால் 1, இல்லையென்றால் 0 என்று தரவுத்தளத்தில் பதிவாகும். முதல் பட்டியலுக்கான நிபந்தனையை இப்படி எழுதினேன்:

```sql
WHERE id_ok = 1 AND address_ok = 1
```

இரண்டாவது பட்டியல் இதற்கு நேர் எதிர்தானே என்று நினைத்து, 1 இருந்த இடத்தில் எல்லாம் 0 போட்டேன்:

```sql
WHERE id_ok = 0 AND address_ok = 0
```

சோதித்தும் பார்த்தேன். எல்லாம் சரியாக உள்ள ஒரு விண்ணப்பம், இரண்டு சான்றுமே தவறான ஒரு விண்ணப்பம் என இரண்டை உள்ளே விட்டேன். ஒன்று முதல் பட்டியலுக்குப் போனது, மற்றொன்று இரண்டாவதற்குப் போனது. வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்தன. "ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, என் விண்ணப்பம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்டார்கள். எங்கள் குழுத் தலைவர் நிபந்தனை எதையும் பார்க்கவில்லை. எண்களைத்தான் கேட்டார்.

"மொத்தம் எத்தனை விண்ணப்பம்?"

"ஆயிரம் சார்."

"ஏற்றது எத்தனை, திருப்பியது எத்தனை?"

"820, 22 சார்."

"கூட்டிப் பாருங்க."

842 வந்தது. மீதி 158 பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அவர்கள் யார் என்று தேடினேன். 97 பேருக்கு அடையாளச் சான்று சரி, முகவரிச் சான்று சரியில்லை. 61 பேருக்கு முகவரி சரி, அடையாளம் சரியில்லை. அதாவது ஒன்றில் மட்டும் தவறிய ஒவ்வொருவரும் விடுபட்டிருந்தார்கள். என் இரண்டாவது நிபந்தனை இரண்டிலும் தவறியவர்களை மட்டுமே கேட்டிருக்கிறது.

இரண்டு சோதனை என்றால் நான்கு வகை விண்ணப்பம் இருக்கும்: இரண்டும் சரி, முதலாவது மட்டும் சரி, இரண்டாவது மட்டும் சரி, இரண்டும் தவறு. ஏற்கும் பட்டியல் இந்த நான்கில் ஒரு வகையை எடுத்துக்கொள்கிறது. அதன் எதிர்ப்பதம் என்பது மிச்சமுள்ள மூன்று வகையும் சேர்ந்தது. இரண்டு விளக்குச் சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிய இரண்டும் போட்டிருக்க வேண்டும். அணைய, ஏதாவது ஒன்றை அணைத்தாலே போதும். எனவே சரியான நிபந்தனை இது:

```sql
WHERE id_ok = 0 OR address_ok = 0
```

இதற்கு டி மார்கன் விதி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் அகஸ்டஸ் டி மார்கனின் பெயரில் வழங்குகிறது. 14ஆம் நூற்றாண்டிலேயே ஓக்காமின் வில்லியம் இதைச் சொற்களில் எழுதி வைத்திருக்கிறார். கல்லூரித் தேர்வில் இதைக் குறியீடுகளோடு நானும் எழுதியிருக்கிறேன். அப்புறம் ஏன் வேலையில் தவறியது என்ற கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை.

ஒரு காரணம் என் சோதனை. நான்கு வகையில், இரண்டும் சரி, இரண்டும் தவறு என்ற வகைகளில் தவறான நிபந்தனையும் சரியான நிபந்தனையும் ஒரே விடையைத்தான் தரும். வேறுபாடு தெரிவது நடுவில் உள்ள இரண்டு கலப்பு வகைகளில் மட்டும். ஆனால் சோதிக்க உட்காரும் யாருக்கும் முதலில் தோன்றுவது முழுக்கச் சரியானதும் முழுக்கத் தவறானதும்தான். பிழை தெரியாத அந்த இரண்டை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம் நாம் பேசும் விதத்திலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. "அடையாளமும் முகவரியும் சரியாக இருக்கின்றன" என்ற வாக்கியத்தை மறுக்கச் சொன்னால், கடைசிச் சொல்லை மாற்றி "அடையாளமும் முகவரியும் சரியாக இல்லை" என்கிறோம். காதுக்கு அது நேர் எதிர் போலவே கேட்கிறது. ஆனால் எதிர்மறை வினை வந்ததும் அந்த 'உம்' மறுப்பைத் தனித்தனியாக இரண்டின் மேலும் ஏற்றிவிடுகிறது: அடையாளமும் சரியில்லை, முகவரியும் சரியில்லை. நான் எழுதிய தவறான நிபந்தனை இதே வாக்கியம்தான். முழு வாக்கியத்தையும் மறுக்க வேண்டுமானால் "இரண்டும் சரியாக இருக்கின்றன என்பது உண்மையல்ல" என்று வெளியிலிருந்து மறுக்க வேண்டும். அதைப் பிரித்தால் "இரண்டில் ஏதாவது ஒன்றாவது தவறு" என்று வரும். "அடையாளமோ முகவரியோ சரியில்லை" என்றும் எழுதலாம். ஆனால் அதைச் சிலர் "இரண்டுமே சரியில்லை" என்று வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் விதிமுறைக் குறிப்புகளில் "ஏதாவது ஒன்று தவறாக இருந்தாலும்" என்றே எழுதுகிறேன்.

'அல்லது' வரும் வாக்கியத்தை மறுத்தால் இதே விதி திரும்பி 'மற்றும்' ஆகும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதிய நிரலில் அதைப் பார்த்தேன். பயனர் y அல்லது n தட்டினால் நிறுத்த வேண்டும், வேறு எதைத் தட்டினாலும் மறுபடி கேட்க வேண்டும். அவர் எழுதியது:

```c
while (c != 'y' || c != 'n')
```

எதைத் தட்டினாலும் இது நிற்காது. y தட்டினால் அது n அல்ல, n தட்டினால் அது y அல்ல. எப்போதும் ஒரு பக்கம் உண்மையாகிவிடுகிறது. நடுவில் 'அல்லது' எனப் பொருள்படும் `||` இருக்கும் இடத்தில் 'மற்றும்' எனப் பொருள்படும் `&&` வர வேண்டும்.

சரி, என் பட்டியலுக்கு வருகிறேன். இப்போதெல்லாம் எதிர்ப்பதத்தை நானே பிரித்து எழுதுவதில்லை. முதல் நிபந்தனையை அப்படியே அடைப்புக்குறிக்குள் போட்டு முன்னால் NOT சேர்க்கிறேன்:

```sql
WHERE NOT (id_ok = 1 AND address_ok = 1)
```

அதோடு, இரண்டு பட்டியலின் எண்ணிக்கையும் கூட்டினால் மொத்தம் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். இந்தக் கூட்டல் இன்னொரு முறையும் உதவியது. படிவத்தை மாற்றியபோது, இன்னும் சோதிக்காத சான்றுக்கு 0 என்பதற்குப் பதில், மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் NULL பதிவாகத் தொடங்கியது. அடையாளம் சரி, முகவரி NULL என்றால், இரண்டும் சரியா என்ற கேள்விக்குத் தரவுத்தளம் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, தெரியாது என்கிறது. அதை NOT போட்டு மறுத்தாலும் தெரியாது என்றே வரும். NOT சரியாகத்தான் எழுதியிருந்தேன், ஆனாலும் கூட்டல் ஆறு குறைந்தது. அடையாளம் தவறு, முகவரி NULL என்றால் சிக்கலில்லை. ஒன்று தவறியதே போதும் என்பதால் அது கடிதப் பட்டியலுக்குப் போய்விடும். விடுபட்ட ஆறு விண்ணப்பங்களும் எதிலும் தவறாதவை, ஒரு சான்று மட்டும் இன்னும் பார்க்கப்படாதவை. அவற்றுக்கு "சோதனை பாக்கி" என்று மூன்றாவது பட்டியல் ஒன்று போட்டேன். மூன்றையும் கூட்டியபோது மொத்தம் வந்தது.