தலைவாசலில் தொடங்கிய புதிர்வேட்டை

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் கணித மன்ற விழாவுக்காகச் சில ஆண்டுகளாகப் புதிர்வேட்டை ஒன்றை வடிவமைத்து வருகிறேன். முதலில் அதை ஆங்கிலத்தில் நடத்தினோம். மறைகுறியீடுகள் எல்லாம் இருபத்தாறு எழுத்துகளுக்கென்றே பிறந்தவை என்று நானே நம்பியிருந்தேன். முழுவதையும் தமிழில் செய்து பார்த்த ஆண்டில் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

வேட்டையைக் கடைசியிலிருந்துதான் கட்ட வேண்டும். ஐந்து புதிர்களின் விடைகளைச் சேர்த்தால் ஓர் இறுதிப்புதிர் அவிழ வேண்டும் என்றால், அந்த இறுதி விடை முதலில் முடிவாகியிருக்க வேண்டும். பரிசுப்பெட்டியைக் கல்லூரி வாயிலில் காவலாளியிடம் வைப்பதென்று இருந்ததால், இறுதி விடையாகத் ‘தலைவாசல்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். த, லை, வா, ச, ல் என்று அதில் ஐந்து எழுத்துகள். ஒவ்வொரு விடையின் இரண்டாம் எழுத்தும் இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் எழுத்து, எந்த விடை எத்தனையாவது என்பதைச் சொல்ல வேண்டும்.

வரிசைக்குத் தமிழ் எண்களைப் பயன்படுத்தினேன். பழைய கணக்கேடுகளில் ஒன்றைக் க என்றும், இரண்டை உ என்றும், நான்கைச் ச என்றும், ஏழை எ என்றும், எட்டை அ என்றும் காணலாம். அப்படித் தேடியபோது கதவு, உலை, சவால், எசப்பாட்டு, அல்லி ஆகிய ஐந்து சொற்கள் அமைந்தன. முதல் எழுத்தின் மதிப்புப்படி அடுக்கி, இரண்டாம் எழுத்துகளைக் கோத்தால் தலைவாசல் வந்துவிடும். அகர வரிசையில் அடுக்கிப் பார்ப்பவருக்கு ‘ல்லைசதவா’ என்று கிடைக்கும். புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால், வரிசை தவறு என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிடும். தவறான வழி விரைவில் முட்டி நிற்பதும் நல்ல புதிரின் ஓர் அடையாளம் என்று நினைக்கிறேன். எண்களுக்கான குறிப்பை வெளிப்படையாகத் தராமல், இறுதித்தாளை மளிகைக்கடைப் பேரேட்டின் பக்கம் போல வரைந்து கொடுத்தேன்.

முதல் புதிர் எளிய பதிலீடு. பதினெட்டு மெய்களையும் க முதல் ன வரை எழுதி, கடைசியிலிருந்து திருப்பிப் பொருத்தினேன். க இருக்கும் இடத்தில் ன வரும், த இருக்கும் இடத்தில் ர வரும், ப இருக்கும் இடத்தில் ம வரும். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தொடவில்லை. இந்த முறையில் ‘பக்கத்து வீட்டுக் கதவு’ என்பது ‘மன்னர்ரு டீவ்வுன் னரடு’ என்று மாறுகிறது. சோதித்துப் பார்த்த மாணவி ஒருத்தி ‘மன்னர்’ என்று படித்துவிட்டு, அரசர் யாரையோ தேடிக்கொண்டு கால் மணி நேரம் போக்கினாள். பிறகு அவளே, “சார், தமிழ்ல ர்ரு வராதே” என்று நிமிர்ந்தாள்.

அவள் பிடித்தது மிகச் சரியான நூல். பதிலீட்டை உடைக்க, எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணுவது ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி எழுதிவைத்த வழி. ஆனால் அதற்கு நீண்ட பத்தி வேண்டும். தமிழில் அவ்வளவு தேவைப்படாததற்குக் காரணம் மெய்ம்மயக்கம். ர, ழ இரண்டும் தம்மோடு தாமே இரட்டிப்பதில்லை. க், ச், த், ப் ஆகியவற்றுக்குப் பின்னால், வடமொழிச் சொற்களை விட்டுவிட்டால், அதே எழுத்துதான் வரும். உயிர்க்குறிகளும் புள்ளிகளும் இடம் மாறாமல் நிற்கும்போது சொல்லின் எலும்புக்கூடு முழுவதும் வெளியே தெரிகிறது. ஆகவே ஆங்கிலத்துக்கு ஏற்ற நீளத்தில் எழுதியிருந்த மறைவாசகத்தைப் பாதியாகக் குறைத்தேன். அப்படியும் அணிகள் அதை எளிதாகவே அவிழ்த்தன.

இரண்டாவது இடமாற்றுப் புதிர். வாசகத்தை நான்கு நெடுவரிசைகளாக எழுதி, கடற்கரைச் சாலையிலுள்ள பழைய கலங்கரை விளக்கம் ஒளிரத் தொடங்கிய 1836 என்ற ஆண்டின் இலக்கங்களை அந்த நெடுவரிசைகளின் தலையில் இட்டு, ஏறுவரிசையில் படித்து எழுதினேன். அதன் விடை உலை.

மூன்றாவது புதிருக்குச் சாவி முதல் விடையான கதவு. இது பெல்லாசோ 1553இல் வெளியிட்டு, பின்னாளில் விஜெனேரின் பெயரால் அறியப்பட்ட முறை. சாவியிலுள்ள க, த, வ ஆகிய மெய்கள் முறையே 1, 7, 14 ஆகிய இடங்களில் இருப்பவை. வாசகத்தின் மெய்கள் வரிசையாக அத்தனை இடங்கள் நகர்கின்றன, பதினெட்டைத் தாண்டினால் மறுபடியும் க. ‘பத்து’ என்ற சொல் இதில் ‘மவ்சு’ ஆகிறது. இரண்டு தகரங்களும் வெவ்வேறு எழுத்துகளாகிவிட்டதால், முதல் புதிரை உடைத்த இரட்டிப்புத் தடயம் இங்கே உதவாது. அடுக்கு ஏறுகிறது என்று நான் சொல்வது இதைத்தான். தனித்து வரும் உயிரெழுத்துக்குச் சாவியின் எழுத்து ஒன்று செலவாகுமா என்ற கேள்விக்கு நானே விடை முடிவு செய்ய வேண்டியிருந்தது. செலவாகாது என்று தீர்மானித்து, ஒரு சொல்லைச் செய்து காட்டித் தாளிலேயே அச்சிட்டேன். நான்காவதும் ஐந்தாவதும் எந்தச் சாவியும் தேவைப்படாதவை. ஒரு புதிரில் சிக்கிய அணி அன்று முழுவதும் அங்கேயே நிற்கக் கூடாது என்பதற்காக அவற்றை முதலிலேயே கொடுத்துவிட்டேன்.

பெரிய குறை இறுதிப்புதிரில்தான் இருந்தது. தமிழ்த்துறையில் பணிபுரியும் தோழி ஒருவர் மூன்று விடைகளை மட்டும் வைத்துக்கொண்டு த, லை, வா என்று எழுதிப் பார்த்து, ஒரு நொடியில் “தலைவாசல்தானே?” என்றார். எசப்பாட்டுக்கும் அல்லிக்கும் நான் செலவிட்ட இரண்டு வாரங்கள் தேவையே இல்லாமல் போயிருந்தன. இறுதி விடை அறிமுகமான சொல்லாக இருக்கும் எந்த வேட்டையிலும் இந்த ஓட்டை இருக்கும். அதை அடைப்பதற்காகப் பரிசுப்பெட்டியில் ஐந்து இலக்கப் பூட்டு ஒன்றைப் போட்டேன். ஒவ்வொரு விடையிலும் எத்தனை எழுத்து என்பதுதான் அந்த இலக்கங்கள், அதே வரிசையில்.

எண்ணும் வேலையைக் கணினியிடம் கொடுத்தேன்.

```
for w in ["கதவு","உலை","சவால்","எசப்பாட்டு","அல்லி"]:
    print(len(w))
```

4, 3, 5, 10, 5 என்று வந்தது. பூட்டில் ஓர் இலக்கத்துக்குரிய இடத்தில் பத்தை வைக்க முடியாது என்பதால்தான் தப்பித்தேன். நான்காவது சொல் சற்றுச் சிறியதாக இருந்திருந்தால் அந்தத் தவறான எண்ணையே பூட்டில் வைத்திருப்பேன். யூனிகோடில் வு என்பது வகரமும் உகரக்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ப் என்பது பகரமும் புள்ளியும். நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பதை `len` அப்படிப் பார்ப்பதில்லை. `regex` என்ற பைத்தான் தொகுப்பில் `\X` என்ற வடிவத்தைக் கொண்டு எண்ணினால் நம் கணக்கு கிடைக்கிறது. அதன் பிறகே 3, 2, 3, 6, 3 என்று பூட்டை அமைத்தேன். இடமாற்றுப் புதிரையும் நிரலால்தான் கலைத்திருந்தேன் என்பது நினைவுக்கு வந்ததும் அதை எடுத்துப் பார்த்தேன். காலும் கொம்பும் தனித்தனியே சிதறிக் கிடந்தன. அந்தத் தாளை மீண்டும் கையாலேயே எழுதினேன்.

பூட்டும் முழுத் தீர்வு இல்லை. நான்கு விடைகள் தெரிந்த அணி, விடுபட்ட ஓர் இலக்கத்தை அதிகம் போனால் பத்து முயற்சியில் கண்டுபிடித்துவிடும். அதனால் ஓர் அணி ஒரு முறைதான் பூட்டைத் தொடலாம், தவறினால் பத்து நிமிடம் கழித்தே திரும்பி வரலாம் என்று காவலாளி அண்ணனிடம் சொல்லிவைத்தேன். விழா நாளில் ஓர் அணி நான்கு விடைகளோடு வாயிலுக்கு வந்து ஐந்து எழுத்து என்று ஊகித்து முயன்றது. பூட்டு திறக்காததும் வாயிற்படியிலேயே உட்கார்ந்து நான்காவது தாளை விரித்துக்கொண்டது. எசப்பாட்டு கிடைத்ததும் அவர்கள் விரல்விட்டு எழுத்தெண்ணியதை நான் எதிர்ச் சாரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.