குத்துவிளக்கில் பின்னர் ஏற்றிய சுடர்

எமது பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் கோலாலம்பூர்க் கிளை இவ்வாண்டு மலருக்கு அட்டைப்படம் தேடியபோது, எண்பதுகளின் இறுதியில் நடந்த பரிசளிப்பு விழாவின் வண்ணப் படமொன்று ஓர் அண்ணரின் பெட்டியிலிருந்து கிடைத்தது. அதிபர் குத்துவிளக்கின் முன் சற்றுக் குனிந்து நிற்கிறார்; பிரதம விருந்தினர் பக்கத்தில் நிற்கிறார்; வெள்ளைச் சீருடையில் ஒரு மாணவி தட்டுடன் பின்னால் நிற்கிறாள். எல்லாம் நன்றாக இருந்தும் விளக்கில் சுடர் இல்லை. மேடை மின்விசிறி திரியையும் அதிபரின் கையிலிருந்த மெழுகுவர்த்தியையும் சேர்த்தே அணைத்துவிட்ட கணத்தில் படம் எடுக்கப்பட்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் படம் திருத்தும் தொழில் செய்பவன் என்பதால், அதிபருக்கு அருகிலுள்ள விளக்கு முகத்தில் ஒரு சுடரை ஏற்றித் தரும் வேலை என்னிடம் வந்தது.

அதற்கு முன்னரே வேறொரு கடையில் அதைச் செய்வித்திருந்தார்கள். அங்கே சுடர் அழகாகத்தான் வரையப்பட்டிருந்தது. ஆனால் அதைச் சுற்றி வட்டமாகப் பூசிய செம்மஞ்சள் ஒளி, அதிபரின் கை, வேட்டி, பின்சுவர், மாணவியின் கருங்கூந்தல் ஆகிய எல்லாவற்றின் மீதும் ஒரே புகைமூட்டமாகப் படிந்திருந்தது. கருங்கூந்தல் பழுப்பாகிவிட்டதே முதலில் கண்ணில் பட்டது. விளக்கு வெளிச்சத்தில் கூந்தல் மினுங்குமே தவிர வெளிறாது.

இதை எனக்கு முதலில் காட்டித் தந்தவர் எங்கள் சித்திர ஆசிரியர். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். ஒரு மாலை அவர் அந்த விளக்கையே வகுப்பறை மேசையில் ஏற்றி வைத்து, சுடரை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ளவற்றை மட்டும் கரியால் வரையச் சொன்னார். புத்தகத்தின் வெள்ளைத் தாள் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறது, அதே தூரத்திலுள்ள கறுப்புக் குடைத்துணி எவ்வளவு குறைவாகத் தருகிறது என்பதை ஒவ்வொன்றாக எங்களைப் பார்க்க வைத்தார். விளக்கைப் புத்தகத்திலிருந்து இரு மடங்கு தூரத்துக்கு நகர்த்தினால் தாளில் விழும் ஒளி பாதியாக அல்ல, காற்பங்காகக் குறையும் என்பதை நாங்கள் பௌதிகப் பாடத்தில் படித்திருந்தாலும், எழுத்து வாசிக்க முடியாமற் போனதைக் கண்டபோதுதான் அது மனதில் ஏறியது.

கணினியில் செய்ய வேண்டியதும் அதுவேதான். சுடரைச் சுற்றிக் காற்றிலும் லென்சிலும் தெரியும் மங்கிய ஒளிவட்டம் ஒன்று. பொருள்களின் மீது விழுந்து திரும்பும் ஒளி இன்னொன்று. முதலாவதைப் படத்தின் மேல் ஒளியாகக் கூட்டலாம். அதற்கு Photoshop-இல் Screen முறையிலான அடுக்கு பொருத்தமானது. இரண்டாவதைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். ஏனெனில் ஒரு பரப்பு தன் நிறத்துக்கு ஏற்ற பங்கையே திருப்பித் தரும். அந்தக் கடைக்காரர் இரண்டையும் Screen அடுக்கிலேயே பூசியதால்தான் கூந்தல் வெளிறிற்று.

ஆகவே முதலில் முழுப்படத்தையும் Exposure அடுக்கால் இரண்டு நிறுத்தம் குறைத்தேன், அதாவது ஒளியைக் காற்பங்காக்கினேன். ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ஒரு சிறு சுடரின் ஒளி எங்கும் தெரியாது. அறை இருண்டால்தான் அதற்கு இடம் கிடைக்கும். பிறகு ஒரு குழுவுக்குள் இரண்டு அடுக்குகளை வைத்தேன். ஒன்று ஒளியைப் பெருக்கி ஏறத்தாழ முன்னிருந்த அளவுக்கு உயர்த்தும் Exposure. மற்றது சிவப்பைச் சற்று ஏற்றி நீலத்தை நன்றாக இறக்கும் Curves. இந்த மாற்றம் எங்கே தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் குழுவின் முகமூடியை முழுக் கறுப்பாக்கி எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, ஒளி விழும் இடங்களில் மட்டும் மெல்லிய வெள்ளைத் தூரிகையால் திறந்தேன். இப்படிச் செய்தால் வேட்டி பொன்னிறமாகும், கூந்தல் கறுப்பாகவே இருக்கும், விருந்தினரின் நீலக்கரைச் சால்வை எண்ணெய் விளக்கின் முன் இயல்பாகவே மங்குவது போல மங்கும்.

முகமூடியைத் தீட்டுவதில்தான் நேரம் போயிற்று. படத்தில் பின்சுவர் சுடரை ஒட்டியே தெரிகிறது. ஆனால் உண்மையில் அது ஏறக்குறைய இரண்டு மீற்றர் பின்னால் இருக்கிறது. அதிபரின் கையோ சுடரிலிருந்து இருபது சென்ரிமீற்றருக்குள் இருக்கிறது. பத்து மடங்கு தூரம் என்றால் ஒளி நூற்றில் ஒரு பங்கு. ஆகவே சுவரைத் தொடவே இல்லை என்று சொல்லலாம். கையிலும் சுடரை நோக்கிய பக்கம் மட்டுமே துலங்க வேண்டும். விரல்களின் மறுபுறம் இருட்டிலேயே விட்டேன். முகத்தில் ஒளி கீழிருந்து வருவதால் மோவாயின் அடியும் மூக்கின் அடியும் கண்ணிமைக்கு மேலுள்ள குழிவும் துலங்கின, நெற்றி மங்கிற்று. வட்டத் தூரிகையை நடுவில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்துபவர்களுக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை.

விளக்குக்கு அடியில் இருட்டு என்று நம்மவர் சொல்வது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. ஐந்து முகங்களில் ஒன்றில் மட்டும் சுடர் இருக்கும்போது எண்ணெய்த் தட்டு மறுபக்கத் தரையின் மீது நிழலை வீழ்த்தும். சுடருள்ள பக்கத்தில் தரை தட்டின் விளிம்புக்கு வெளியே சற்றுத் தள்ளித்தான் ஒளி பெறத் தொடங்கும். ஐந்து முகங்களும் எரிந்தால் நிழல்கள் ஒன்றின் மேலொன்று விழுந்து இளகிவிடும் என்பதால் அந்த வேலை எளிது. தட்டுக்கு மேலே எழும் பித்தளைத் தண்டில் பரவலான ஒளி தெரியாது; ஒவ்வொரு வளையத்திலும் சுடரின் சிறு பிரதிபிம்பம் ஒரு பொட்டாக நிற்கும். அவற்றைப் பரவலான ஒளியைப் போலப் பெருக்க முடியாது, தனியாகத்தான் வரைய வேண்டும்.

சுடரின் நடுவை ஏறக்குறைய வெண்மையாகவே விட்டு, மஞ்சளை விளிம்பில் மட்டும் வைத்து, திரியை ஒட்டி மிக மெல்லிய நீலம் கொடுத்தேன். தீபாவளி வாழ்த்து அட்டைக்காக வீட்டு முகப்பில் வண்ண விளக்குச் சரம் கேட்டு வருபவர்களுக்கும் இதே முறைதான். பல்புகள் சுவரை ஒட்டித் தொங்குவதால் ஒவ்வொன்றுக்கும் சிறிய, அடர்ந்த ஒளித்தேக்கம் மட்டும் வேண்டும். ஒன்றை வரைந்து இருபது இடங்களில் ஒட்டினால், சுவரின் வளைவும் தூணின் மூலையும் உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

வேலை சரியா என்று பார்க்க நான் சுடர் அடுக்கை மறைத்துவிட்டுப் படத்தைச் சிறிதாக்கிப் பார்ப்பேன். சுடர் இல்லாமலே அது எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். இந்தப் படத்தில் ஒன்றை மட்டும் என்னால் முழுமையாகத் தீர்க்க முடியவில்லை: அதிபரின் தோளுக்குப் பின்னால் சுவரில் விழுந்திருந்த ஃபிளாஷின் கூரிய நிழல். அதை மென்மையாக்கி இருட்டில் கரைத்தேன்; கூர்ந்து பார்ப்பவருக்கு இன்னும் தெரியும். அச்சில் இருண்ட பகுதிகள் அடைபடும் என்பதால் அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியைத் திரையில் கண்டதைவிடச் சற்று வெளிச்சமாக்கினேன். சுடர் பின்னாளில் சேர்க்கப்பட்டது என்பதைப் படக்குறிப்பில் அச்சிட வேண்டும் என்று மலர்க்குழுவிடம் கேட்டிருக்கிறேன், அவர்களும் சம்மதித்துள்ளார்கள்.