மேளத்துக்கு முன்னாடியே ஏறிய தாலி

போன மாதம் ஒரு கல்யாண ஹைலைட்ஸ் வீடியோவை பென்டிரைவில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி பெண் வீட்டுக்குப் போனேன். நாலு நிமிஷ வீடியோ. டிவியில் ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். முகூர்த்தம் வந்தது. மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சைப் போட்டுக் கையை எடுத்துவிட்டார், அட்சதை பறந்து முடிந்தது, அதற்கப்புறம்தான் கெட்டிமேளம் வெடித்தது. பெண்ணின் அண்ணன் திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி, மேளக்காரர் தூங்கிட்டாரா?" என்றார். பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

முந்தின வாரம் ஸ்டுடியோவில் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகு நான் செய்தது மூன்றே மூன்று சின்னத் திருத்தம். ஒரு மாமா கொட்டாவி விடுவதை வெட்டினேன், ஒரு ஷாட்டின் தொடக்கத்தில் கேமரா ஆடியதை எடுத்தேன், முந்தின ஷாட்டின் வாலைக் குறைத்து, பாட்டி கண்ணைத் துடைக்கும் ஷாட்டைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன். மூன்றையும் ரிப்பிள் டூலில்தான் செய்தேன். நான் எடிட் செய்யும் மென்பொருளான பிரீமியர் புரோவில் அதற்கு B கீ. எனக்கு அப்போது தெரிந்த ஒரே டிரிம் டூல் அதுதான். இடைவெளி விழாமல் தானாக மூடிக்கொள்கிறதே என்று ஒரே சந்தோஷம்.

மூடிக்கொள்வது எப்படி என்று யோசித்திருந்தால் இரண்டு பஸ் மிச்சமாகியிருக்கும். ரிப்பிளில் ஒரு கிளிப்பை 15 பிரேம் குறைத்தால், அதற்கு வலப்பக்கம் இருக்கிற அத்தனை கிளிப்பும் 15 பிரேம் இடப்பக்கம் நகரும். மொத்த நீளமும் அவ்வளவு குறையும். பாட்டு நகர்ந்துவிடக் கூடாதென்று அது இருந்த A2 ஒலி டிராக்குக்கு நானே பூட்டுப் போட்டிருந்தேன். பெரிய பாதுகாப்பு என்று நினைப்பு! படம் முழுக்க நகர்ந்தது, பாட்டு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரே கிளிப்பின் படமும் ஒலியும் பிரிந்தால் கிளிப்பின் மேல் சிவப்பு எண் வந்து எச்சரிக்கும். என் பாட்டு தனி ஃபைல், எந்தக் கிளிப்போடும் இணைப்பு இல்லை. அதனால் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை.

உடனே தோன்றிய வைத்தியம்: தாலி ஷாட்டிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் பிடித்து வலப்பக்கம் தள்ளுவது. தாலி சரியானது, அதற்கு முன்னால் இருந்த ஒரு நிமிஷம் அப்படியே தப்பாகத்தான் இருந்தது. நடுவில் கறுப்பாக ஓட்டை வேறு. ப்ராஜெக்டை மூடித் திறந்துவிட்டதால் அண்டூவும் இல்லை. திருத்தத்துக்கு முன் சீக்வென்ஸை, அதாவது வெட்டி அடுக்கிய மொத்த டைம்லைனை, டூப்ளிகேட் எடுத்து வைக்கும் பழக்கமும் அன்று வரை இல்லை.

ஸ்டுடியோ அண்ணன் வந்து திட்டவில்லை. "பாட்டு மேல மார்க்கர் வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். நல்லவேளை, வைத்திருந்தேன். தாளம் விழும் இடங்களில் M அழுத்திப் போட்டவை. ஒவ்வொரு வெட்டும் அதன் மார்க்கரிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று எண்ணச் சொன்னார். மாமா வரைக்கும் பூஜ்யம். மாமாவுக்கு அப்புறம் 15 பிரேம். கேமரா ஆடிய ஷாட்டுக்கு அப்புறம் 23. பாட்டிக்கு அப்புறம் கடைசி வரை 45. அதாவது 15, 8, 22 என்று மூன்று இடத்தில் தின்றிருக்கிறேன். நொடிக்கு 25 பிரேம் கணக்கில் 45 என்றால் 1.8 நொடி. படம் பாட்டை விட்டு ஒரே அளவில் விலகாமல், சில வெட்டுகளில் மட்டும் படிப்படியாகத் தாவிக் கூடினால், அது ரிப்பிள் செய்த வேலைதான் என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இடமிருந்து வலமாகச் சரிசெய்தோம். மாமா கிளிப்பின் முடிவை ரிப்பிளிலேயே பிடித்து, நம்பர் பேடில் +15 அடித்து என்டர். கொட்டாவி திரும்ப வந்தது, பின்னால் இருந்ததெல்லாம் 15 பிரேம் பின்வாங்கியது. பிறகு அதே வெட்டில் ரோல், அதாவது N, -15. ரோல் இரண்டு கிளிப்புக்கும் நடுவில் இருக்கிற வெட்டை மட்டும் நகர்த்தும். மாமா 15 பிரேம் முன்னதாக முடிந்தார், அடுத்த கோலம் ஷாட் 15 பிரேம் முன்னதாகத் தொடங்கியது. அந்த ஒரு வெட்டு மட்டும் மார்க்கரை விட்டுச் சற்று முந்தியது, அங்கே தாளம் மென்மை என்பதால் உறுத்தவில்லை. வலப்பக்கம் ஒரு பிரேம்கூட அசையவில்லை. கொட்டாவி போயே போச்சு.

அதே உற்சாகத்தில் இரண்டாவது இடத்துக்குப் போனேன். ஷாட்டின் தலையில் வெட்டிய 8 பிரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரோல் போட்டால் நகரவே மறுத்தது. திரையில் Trim media limit reached என்று வந்தது. ரோல் பண்ணினால் முந்தின கிளிப் 8 பிரேம் நீள வேண்டும், ஆனால் அந்த ஷாட்டில் கேமராவை அங்கேயே நிறுத்தியிருக்கிறார்கள். நீட்ட ஒன்றும் இல்லை. இங்கேதான் ஸ்லிப், Y. கிளிப் டைம்லைனில் இருந்த இடத்திலேயே இருக்கும், நீளமும் மாறாது, உள்ளே தெரிகிற பகுதி மட்டும் நகரும். ஜன்னல் அப்படியே நிற்க, வெளியே ரயில் நகர்வது மாதிரி. இழுக்கும் திசைதான் முதலில் குழப்பும்: இடப்பக்கம் இழுத்தால் பின்னால் வரும் காட்சி உள்ளே வரும். 8 பிரேம் இடப்பக்கம் இழுத்தேன், ஆட்டம் தலையிலிருந்து வெளியே போனது. அதற்கு வால் பக்கம் 8 பிரேம் மிச்சம் இருக்க வேண்டும், இருந்தது.

ஸ்லிப்பில் ஒரு ஜாக்கிரதை. கிளிப்போடு அதன் ஒலி இணைந்திருந்தால் அதுவும் சேர்ந்து நகரும். ஹைலைட்ஸில் சொந்த ஒலியை எடுத்துவிட்டுப் பாட்டு மட்டும் வைத்திருந்ததால் எனக்குப் பிரச்சினை இல்லை. யாராவது பேசுகிற இடத்தில் ஸ்லிப் போட்டால் வாக்கியத்தின் தலையோ வாலோ போய்விடும்.

பாட்டி ஷாட்டுக்கு ஸ்லைடு, U. முந்தின ஷாட்டுக்கு அதன் 22 பிரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாட்டியைப் பிடித்து 22 பிரேம் இடப்பக்கம் நகர்த்தினோம். பாட்டி ஷாட்டின் உள்ளே ஒன்றும் மாறவில்லை. முந்தின ஷாட் வாலில் குறைந்தது, அடுத்த ஷாட் தலையில் நீண்டது. ஸ்லைடு செய்யும்போது மானிட்டரில் நாலு படம் தெரியும். பெரிதாக இருக்கிற இரண்டையும் பாருங்கள், அவை பக்கத்து ஷாட்கள் முடிகிற, தொடங்குகிற பிரேம்கள். கெடுவதென்றால் அங்கேதான் கெடும். உண்மையைச் சொன்னால் ஸ்லைடு எனக்கு அடிக்கடி தேவைப்படுவதில்லை. இந்த மாதிரி இடைச்செருகல் ஷாட்டை மேல் வீடியோ டிராக்கான V2-வில் வைத்துவிட்டால் சும்மா இழுத்து நகர்த்தலாம்.

ரிப்பிளைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பாட்டு போடுவதற்கு முன்னால், மணிக்கணக்கான ஃபுட்டேஜைச் சுருக்கும்போது அதற்கு ஈடு எதுவும் இல்லை. டைம்லைனில் நாம் நிற்கிற இடத்தைக் காட்டும் கோடான ப்ளேஹெட்டுக்கு முன்னால் வேண்டாததற்கு Q, பின்னால் வேண்டாததற்கு W என்று தட்டிக்கொண்டே போகலாம். ஆனால் மார்க்கருக்கு வெட்டிய பிறகு B-யைத் தொட வேண்டும் என்றால் முதலில் சீக்வென்ஸை டூப்ளிகேட் எடுக்கிறேன்.

இரண்டாம் முறை போனபோது மேளமும் தாலியும் சேர்ந்தே வந்தன. பெண்ணின் அம்மா மட்டும், "எங்க அண்ணன் டக்குனு போயிடுறாரே தம்பி, இன்னும் கொஞ்ச நேரம் காட்டுங்க" என்றார். பின்பக்கம் கொட்டாவி, அந்தப் பக்கம் போக முடியாது. ஸ்டுடியோவுக்கு வந்து, மாமாவுக்கு முந்தைய வெட்டில் N, -10.